இரண்டு விகிதங்களை ஒப்பிட எத்தனை வீடுகள் வேண்டும்? மாதிரி அளவைக் கணக்கிடும் முறை

பினாங்கில் டிங்கி காய்ச்சல் தடுப்பு பற்றி ஓர் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளிலும் தெரஸ் வீடுகளிலும், வாரம் ஒருமுறையாவது நீர் தேங்கும் இடங்களைச் சுத்தம் செய்வோர் எத்தனை விழுக்காடு? இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா? இதற்கு ஒவ்வொரு பக்கமும் எத்தனை வீடுகளைத் தட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி. கீழே வரும் விழுக்காடுகள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. பினாங்கின் உண்மை நிலவரம் அல்ல.

படி 1: இரண்டு விகிதங்களையும் முடிவு செய்யுங்கள்

சூத்திரத்தைவிட இதுதான் கடினம். முதல் விகிதத்தை முந்தைய ஆய்விலிருந்தோ சிறிய முன்னோட்ட ஆய்விலிருந்தோ எடுக்க வேண்டும். அடுக்குமாடியில் 60% என்று கிடைத்ததாகக் கொள்வோம். அதாவது p1 = 0.60.

இரண்டாவது விகிதம் உங்கள் எதிர்பார்ப்பு அல்ல. எவ்வளவு வித்தியாசம் இருந்தால் சுகாதாரத் துறை தன் வேலைத்திட்டத்தை மாற்றிக்கொள்ளும் என்று கேளுங்கள். 3 புள்ளி வித்தியாசத்துக்காக யாரும் எதையும் மாற்றப்போவதில்லை. 15 புள்ளி என்றால் அடுக்குமாடிக்குத் தனிப் பிரசாரம் நடத்தலாம். எனவே தெரஸ் வீடுகளுக்கு p2 = 0.75.

"15 புள்ளி வித்தியாசம்" என்று மட்டும் சொன்னால் போதாது. 60-க்கும் 75-க்கும் நடுவே உள்ள 15 வேறு, 10-க்கும் 25-க்கும் நடுவே உள்ள 15 வேறு. இந்த இரண்டாவது ஜோடிக்கு, மற்றவை மாறாவிட்டால், குழுவுக்கு 100 வீடுகளே போதும். 50 விழுக்காட்டை நெருங்க நெருங்கப் பதில்களின் சிதறல் கூடும், அதனால் மாதிரியும் பெருகும்.

படி 2: ஆல்பாவும் பவரும்

இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு ஆல்பா. வழக்கம்போல 5%, இருபக்கச் சோதனை. அதற்கான z மதிப்பு 1.96. எந்த வகை வீட்டில் சுத்தம் கூடுதல் என்று முன்கூட்டியே தெரியாததால் இருபக்கம்தான் சரி.

பவர் என்பது மறுபக்கம். 15 புள்ளி வித்தியாசம் உண்மையிலேயே இருந்து, இதே ஆய்வை நூறு முறை செய்தால், ஏறக்குறைய எத்தனை முறை அது கண்ணில் படும்? 80 முறை என்றால் 80% பவர். Z மதிப்பு 0.84.

படி 3: கணக்கு

```
n = [1.96·√(2·p̄·q̄) + 0.84·√(p1·q1 + p2·q2)]² / (p1 − p2)²
```

இதில் p̄ இரண்டு விகிதங்களின் சராசரி: 0.675. ஒவ்வொரு q-வும் ஒன்றிலிருந்து அதன் p-ஐக் கழித்தது.

முதல் பகுதி: 2 × 0.675 × 0.325 = 0.43875. இதன் வர்க்கமூலம் 0.6624. அதை 1.96 ஆல் பெருக்கினால் 1.2983.

இரண்டாம் பகுதி: 0.60 × 0.40 + 0.75 × 0.25 = 0.4275. வர்க்கமூலம் 0.6538. அதை 0.84 ஆல் பெருக்கினால் 0.5492.

இரண்டையும் கூட்டினால் 1.8475, அதன் வர்க்கம் 3.4133. வித்தியாசத்தின் வர்க்கமான 0.0225 ஆல் வகுத்தால் 151.7. எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும்: 152. இது ஒரு குழுவுக்கு மட்டும். இரண்டுக்கும் சேர்த்து 304.

R மென்பொருளில் சரிபார்க்கலாம்:

```
power.prop.test(p1 = 0.60, p2 = 0.75,
                sig.level = 0.05, power = 0.80)
```

விடை 151.87 என்று வரும். கையால் செய்ததற்கும் இதற்கும் உள்ள சிறு இடைவெளி 0.84 என்று சுருக்கியதால் வந்தது. இதை மொத்த எண்ணிக்கை என்று நினைத்து இரண்டாகப் பிரித்துவிடுவோர் உண்டு. விடையின் அடியில் `n is number in *each* group` என்று R சொல்வதைப் படியுங்கள். வேறு கருவி 149 அல்லது 165 என்று காட்டினாலும் பதற வேண்டாம். முன்னது எளிய சூத்திரம், பின்னது தொடர்ச்சித் திருத்தம் சேர்த்தது. எந்தச் சூத்திரம் என்று அறிக்கையில் எழுதிவிட்டால் போதும்.

வித்தியாசத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுங்கள். 60-க்கு எதிராக 70 என்று வைத்தால் 152 என்பது 356 ஆகிவிடும். பவரை 90% ஆக்கினாலோ 203 தான். உங்கள் பணத்தையும் நேரத்தையும் தின்பது பெரும்பாலும் பவர் அல்ல, பிடிக்க நினைக்கும் வித்தியாசத்தின் அளவு.

படி 4: பதில் கிடைக்காத வீடுகளுக்கு இடம்

152 என்பது கையில் சேர வேண்டிய முழுமையான படிவங்கள். சிலர் மறுப்பார்கள், சிலர் எப்போது போனாலும் வேலைக்குப் போயிருப்பார்கள். இப்படி 20% போகும் என்றால்:

```
152 / (1 − 0.20) = 190
```

மொத்தம் 380 வீடுகள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 20% கூட்ட வேண்டும் என்று 152-ஐ 1.2 ஆல் பெருக்கினால் 183 வரும். 183 வீடுகளில் 20% பதில் தராவிட்டால் மிஞ்சுவது 146 தான். அந்த 20% அணுகும் வீடுகளில் குறைவது, தேவைப்படும் 152-இல் அல்ல. ஆகவே வகுக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதில் குறையும் என்றும் எண்ண வேண்டாம். காவலர் உள்ளே விடாத அடுக்குமாடியில் 30%, தெரஸில் 15% என்றால், முன்னதற்கு 152 / 0.70 = 218, பின்னதற்கு 152 / 0.85 = 179.

காலியாகக் கிடக்கும் வீடு இந்தக் கணக்கில் வராது. அது ஆய்வுக்கே தகுதியில்லாத வீடு. முகவரிப் பட்டியலில் 10% காலி என்று தெரிந்தால், 190-ஐ மறுபடி 0.90 ஆல் வகுத்து 212 முகவரிகள் எடுங்கள்.

இப்படிக் கூட்டி எடுப்பது எண்ணிக்கையை மட்டும்தான் காப்பாற்றும், சாய்வைப் போக்காது. பகலில் வீட்டில் இருப்போரும் இல்லாதோரும் ஒரே மாதிரிச் சுத்தம் செய்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைத் தட்டினால், வீட்டில் இருப்போரே மாதிரியில் நிறைந்துவிடுவார்கள். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில், ஒன்றாவது சனி ஞாயிறில் என மூன்று முறையாவது போய்ப் பார்த்த பிறகே பதில் இல்லை என்று குறியுங்கள். மறுப்பு, ஆளில்லை, காலி என்று தனித்தனியாகக் குறித்தால், எந்தக் குழுவில் எதனால் எண்ணிக்கை குறைகிறது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

வீடுகளைக் கொத்தாக எடுத்தால்

மேலே உள்ள கணக்கு, ஒவ்வொரு வீடும் பட்டியலிலிருந்து தனியாக, குலுக்கல் முறையில் வந்தால்தான் பொருந்தும். நடைமுறையில் ஒரு புளோக்கைத் தேர்ந்து அதில் 10 வீடுகள், ஒரு சாலையைத் தேர்ந்து அதில் 10 வீடுகள் என்றுதான் போவார்கள். ஒரே புளோக்கில் ஒரே நிர்வாகம், ஒரே கோத்தோங் ரோயோங். பதில்களும் ஒன்றுபோல இருக்கும். பத்து வீடுகளும் பத்துத் தனி வீடுகள் தரும் அளவுக்குப் புதுத் தகவல் தருவதில்லை. அந்த ஒற்றுமையின் அளவான ICC 0.05 என்று கொண்டால் பெருக்க வேண்டிய எண்:

```
1 + (10 − 1) × 0.05 = 1.45
152 × 1.45 → 221
221 / 0.80 → 277
```

குழுவுக்கு 190 என்றிருந்தது 277 ஆகிறது. ஒரு புளோக்கில் 10-க்குப் பதில் 5 வீடுகள் என்று பரப்பினால் பெருக்கி 1.20 ஆகக் குறையும், 229 போதும். அலைச்சல் கூடும், ஆனால் குழுவுக்குத் தட்ட வேண்டிய வீடுகளில் 48 மிச்சம்.