நிலவில் கொதிப்பும் உறைவும் ஏன்? "காற்று இல்லை" என்ற ஒரே வரியில் ஒளிந்திருக்கும் தவறுகள்

நிலவின் நடுக்கோட்டுப் பகுதியில் நண்பகலில் தரை 120 டிகிரி செல்சியஸ் வரை சுடும். அதே இடம் விடியலுக்குச் சற்று முன் மைனஸ் 170-க்கும் கீழே கிடக்கும். ஏன் என்று கேட்டால், பள்ளி மாணவர் முதல் பட்டிமன்றப் பேச்சாளர் வரை எல்லோரும் "அங்கே காற்று இல்லையே" என்று முடித்துவிடுவார்கள். தவறில்லை, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு வரியை விரித்துச் சொல்லச் சொன்னால்தான் சறுக்கல்கள் வெளியே வருகின்றன.

தரையையும் காற்றையும் ஒப்பிடுவது

இதுதான் முதல் சறுக்கல், பலர் கவனிக்காததும் இதுவே. நிலவுக்குச் சொல்லும் 120 டிகிரி தரையின் சூடு. சென்னைக்குச் சொல்லும் 40 டிகிரி காற்றின் சூடு, அதுவும் நிழலில், வெள்ளையடித்த பெட்டிக்குள், தரைக்கு நாலடி உயரத்தில் வைத்த வெப்பமானி காட்டுவது. இரண்டும் வேறு வேறு பொருள்கள். நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் சித்திரை மாத மதியம் தார்ச்சாலையில் வெறுங்காலை வைத்துப் பார்க்க வேண்டும். காற்று 40-ல் இருக்கும்போது தார் 60-ஐத் தொட்டுவிடும்.

இரவிலும் அதே கதைதான். ஜனவரியில் உதகையில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். அன்று காலை பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியோ சுழியத்துக்கு மேலே இரண்டு மூன்று டிகிரி காட்டும். வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில், புல் தன் சூட்டை நேராக வானத்தை நோக்கி வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்துபோகிறது. நிலவில் நடப்பதன் சிறு மாதிரி அது.

ஆகவே பூமியின் தரையும் ஏறி இறங்கத்தான் செய்கிறது. நிலவு அளவுக்கு ஏன் இல்லை என்பதுதான் சரியான கேள்வி.

"சூரியனுக்கு அருகே இருப்பதால் பகலில் சூடு"

இல்லை. சூரியனிலிருந்து நிலவும் பூமியும் ஏறக்குறைய ஒரே தொலைவில், 15 கோடி கிலோமீட்டரில் இருக்கின்றன. இரண்டுக்கும் வந்து சேரும் வெயில் ஒன்றுதான்: சதுர மீட்டருக்கு 1361 வாட். நிலவின் தரை அதில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 1225 வாட் உள்ளே போகிறது. அதை வெளியேற்ற அந்தத் தரைக்கு இருக்கும் ஒரே பெரிய வழி, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராக வீசுவது. வரவும் செலவும் சமமாகும் வரை சூடு ஏறும். கீழே T என்பது கெல்வின் அளவில் தரையின் சூடு, 5.67 × 10⁻⁸ என்பது வெப்பக் கதிர்வீச்சுக் கணக்கில் வரும் மாறாத எண்:

```
1225 = 5.67 × 10⁻⁸ × T⁴
T ≈ 383 K, அதாவது 110 °C
```

அளந்த எண்ணுக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். பூமியின் தரைக்கோ செலவு செய்ய இன்னும் இரண்டு வழிகள் உண்டு. மேலே படும் காற்று சூடாகி எழும்பிப் போகிறது. ஈரம் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. போதாததற்கு வரும் வெயிலிலேயே ஒரு பகுதியை மேகமும் காற்றும் தடுத்துவிடுகின்றன.

"இரண்டு வாரம் இரவு, அதனால்தான் அவ்வளவு குளிர்"

நிலவின் ஓர் இரவு நம் கணக்கில் 14 நாளுக்குச் சற்று அதிகம். அதனால் இந்த விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைச் சோதிக்க இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது: சந்திர கிரகணம். அப்போது பூமியின் நிழல் சில மணி நேரம் மட்டும் நிலவின் மேல் விழும். 1927 ஜூன் மாதக் கிரகணத்தின்போது கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் பெட்டிட், நிக்கல்சன் இருவரும் தொலைநோக்கி வழியே நிலவின் வெப்பத்தை அளந்தார்கள். சுமார் 70 டிகிரியில் இருந்த தரை, அந்தச் சில மணி நேரத்துக்குள் மைனஸ் 100-க்கும் கீழே போய்விட்டது. இரண்டு வாரமெல்லாம் தேவைப்படவில்லை.

சூடான தரை வேகமாக வீசும்; குளிரக் குளிர வீச்சு சுருங்கிவிடும். அதனால் வெயில் போனதும் மடமடவென இறங்கும் சூடு, அப்புறம் நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஊர்கிறது. நீண்ட இரவு சேர்ப்பது அந்தக் கடைசி இறக்கத்தைத்தான்.

அப்படியானால் பகல் முழுக்க வாங்கிய வெப்பம் எங்கே போனது? மேல்தோலைத் தாண்டி ஆழத்துக்குப் போகவே இல்லை. நிலவின் மேல்தோல் மாவு போன்ற தூசு. துகளும் துகளும் முனையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன, நடுவில் வெற்றிடம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ சோதனைக்கான நிலவு மண் செய்தது. அந்தப் பொடியை இங்கே ஒரு தட்டில் பரப்பினால், துகள்களின் இடைவெளியில் இருக்கும் காற்று வெப்பத்தைக் கடத்திக்கொண்டிருக்கும். காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டால் கடத்தல் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்துவிடும். தெர்மோகோலே அதற்கு முன்னால் நல்ல கடத்தி. "காற்று இல்லை" என்ற பதிலில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். தலைக்கு மேலே இல்லாதது மட்டும் அல்ல, மண்ணுக்குள்ளும் இல்லாததே காரணம்.

சந்திரயான்-3 இதை நேரில் காட்டியது. 2023 ஆகஸ்டில் விக்ரம் தரையிறங்கி கம்பி போன்ற ஒரு கருவியை மண்ணில் செருகியது. மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல். எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில், அதாவது ஒரு கை அகலத்துக்குக் கீழே, மைனஸ் 10 அளவில். அப்போலோ 15, 17 பயணங்களில் புதைத்த கருவிகளோ ஒரு மீட்டர் ஆழத்தில் பகல் இரவு என்ற பேதமே இல்லாமல் மைனஸ் 20-ஐ ஒட்டிய சூட்டைக் காட்டின. நிலவே கொதித்து உறைகிறது என்று எழுதுவதும் அதனால் தவறுதான். கொதிப்பதும் உறைவதும் மேல்தோல் மட்டுமே.

"காற்றுதான் பூமிக்குப் போர்வை"

எந்தக் காற்று? 99 விழுக்காடாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் தரை வீசும் வெப்பக் கதிரைக் கிட்டத்தட்ட அப்படியே போகவிடுகின்றன. பிடித்துத் திருப்பி அனுப்புவது நீராவி, கரியமில வாயு, அப்புறம் மேகம். மேகமூட்டமான இரவில் மாடியில் படுத்தால் புழுங்குவது அதனால்தான். வறண்ட பாலைவனத்தில் காற்று நிறைய இருந்தும் இரவு நடுக்குவதற்குக் காரணம், அதில் நீராவி குறைவாக இருப்பது.

கடலையும் மறந்துவிடுகிறோம். மேலே உள்ள மூன்று மீட்டர் கடல்நீர் மட்டுமே, ஒரு டிகிரி ஏறுவதற்கு, மொத்த வளிமண்டலத்துக்கும் தேவைப்படும் அளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அலை கலக்குவதால் சூடு ஆழத்துக்குப் போய்ச் சேமிப்பாகிறது. நிலவின் தூசால் செய்ய முடியாத வேலை இது.

"120 டிகிரியில் ஆம்ஸ்ட்ராங் எப்படி நடந்தார்?"

நிலவுக்கு மனிதன் போகவில்லை என்பவர்கள் தவறாமல் கேட்பது. அவர் நடந்தது நண்பகலில் அல்ல. அப்போலோ 11 இறங்கியபோது அங்கே இளங்காலை. சூரியன் அடிவானத்துக்கு மேலே 11 டிகிரி உயரத்தில்தான் இருந்தது. மேடுபள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்போலோ பயணங்களுக்கு அந்த நேரத்தைக் குறித்தார்கள். அன்றைய வேலை முடிந்து அவர்கள் கிளம்பும்போதும் அங்கே காலைப்பொழுது கழியவில்லை.