படி ஏறினால் இளைக்கிறதா? உதட்டைக் குவித்து ஊதுங்கள்

சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு மூச்சு வாங்கும்போது, வாயை மூடி மூக்கு வழியாக இரண்டு எண்ணும் வரை இழுத்து, சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை மெல்ல விடச் சொல்லுங்கள். கன்னம் உப்பினால் வேகமாக ஊதுகிறார்கள் என்று அர்த்தம். நெஞ்சை இறுக்கித் தள்ளவும் கூடாது.

பல வருஷம் பீடிப் புகையோ விறகடுப்புப் புகையோ குடித்த நுரையீரலில், மூச்சை விடும்போது சின்னக் குழாய்கள் பாதியிலேயே ஒட்டிக்கொள்ளும். பழைய காற்று உள்ளேயே தங்குவதால் புதுக்காற்றுக்கு இடமில்லை. அதனால்தான் எவ்வளவு இழுத்தாலும் போதாததுபோல் தவிப்பு. குவிந்த உதடு உள்ளே லேசான அழுத்தத்தை நிறுத்தி அந்தக் குழாய்களைத் திறந்தே வைக்கும், காற்று வெளியேற நேரமும் கிடைக்கும்.

தாமிரபரணிப் படித்துறையில் குளித்துவிட்டு ஏறும்போது இப்படிச் செய்யலாம்: நின்று மூச்சை இழுங்கள், ஊதிக்கொண்டே இரண்டு படி ஏறுங்கள், மறுபடி நின்று இழுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே தம்மில் ஏறுவதுதான் பலர் செய்யும் தப்பு. மூச்சு வாங்காத நேரத்தில் உட்கார்ந்து பழகிவிட்டால், தவிப்பில் தானாக வரும்.

நுரையீரல் இறுகிப்போகும் தழும்பு நோயில் காற்று இப்படித் தேங்குவதில்லை, அங்கே இது பெரிதாக உதவாது. இன்ஹேலருக்கு மாற்றும் இல்லை. திடீரென்று வந்த மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம், ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாமை என்றால் உடனே 108.