நாலாவது குழு மட்டும் ஏன் பின்தங்குகிறது?

பெங்களூரில் ஞாயிறு தமிழ் வகுப்பு எடுக்கப் புதிதாக வருபவர்கள், பருவம் முழுக்க நடக்கும் புள்ளி விளையாட்டுக்குக் குழு பிரிக்க ஐந்து நிமிடம்தான் ஒதுக்குகிறார்கள். அங்கே விழும் பிழையைப் பிள்ளைகள் பன்னிரண்டு வாரம் சுமக்கிறார்கள்.

சீட்டுப் பங்கிடுவது போல் வரிசையாகப் போடுவது

பார்வைக்கு நியாயமாகத் தெரிவதால், சொல்லச் சொல்லத் திரும்பவும் நடக்கிற தவறு இது. 32 பேர், நாலு குழு. நன்றாக வாசிக்கும் பிள்ளையை முதலில் வைத்து வரிசைப்படுத்தி, 1 வேம்பு, 2 புங்கை, 3 நாவல், 4 அரசு, மறுபடி 5 வேம்பு என்று போடுகிறார்கள். எட்டுச் சுற்றிலும் இருப்பவர்களில் நல்ல ஆள் வேம்புக்கு, மிச்சமானவர் அரசுக்கு. வரிசை எண்களைக் கூட்டினால் வேம்பு 120, அரசு 144. கூட்டல் ஏற ஏறக் குழு பலவீனம். மூன்றாவது வாரம் அரசுக் குழுவில் கைதூக்குவது குறையும். சோம்பல் என்று திட்டு வேறு விழும்.

ஏர் திருப்புவது போல் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திருப்பினால் போதும். 4 அரசு, 5-உம் அரசு, 6 நாவல், 7 புங்கை, 8 வேம்பு, 9-உம் வேம்பு. இப்படிப் போனால் நாலு குழுவுக்கும் 132.

வரிசைக்குப் பள்ளி மதிப்பெண்ணை எடுக்காதீர்கள். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கும் பிள்ளை, வீட்டில் தமிழ் சரளமாகப் பேசும், வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டும். எல்லாருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்து, ஆளுக்கு ஒரு நிமிடம் தனியாக வாசிக்கவிட்டு, சரியாக வாசித்த சொற்களை எண்ணுங்கள். பேச்சுக்கும் புள்ளி உண்டென்றால், குழுவுக்கு எத்தனை சரளமான பேச்சாளர் என்றும் பாருங்கள். வேம்பில் நாலு, அரசில் ஒன்று என்று விழுந்தால் ஒரே சுற்றுக்குள் மாற்றுங்கள்: வேம்பின் 16-ஆம் ஆள் நல்ல பேச்சாளர், அரசின் 13-ஆம் ஆள் அப்படியில்லை என்றால் இருவரையும் இடம் மாற்றலாம். கூட்டல் 129, 135 ஆகும். அந்தச் சிறு வித்தியாசம் ஆட்டத்தில் தெரியாது.

தலைவர்களே ஆள் பொறுக்குவது

வேண்டாம். கடைசியாக அழைக்கப்படும் பிள்ளை அதை மறக்காது.

பெயரிலேயே ஏற்றத்தாழ்வு

அ, ஆ, இ, ஈ என்றாலே வரிசை வந்துவிடும். ஆறுகளின் பெயர் வைத்தால் எல்லாரும் காவிரியைத்தான் கேட்பார்கள். தெருவில் பார்க்கும் மரங்களின் பெயரில் அந்தச் சண்டை குறைவு. குழுக்களைப் பிரித்து முடித்த பின், எந்தக் குழுவுக்கு எந்தப் பெயர் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்.

வராதவர்களை மறப்பது

தனி ஆள் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டி, அன்று வந்தவர் எண்ணிக்கையால் வகுத்து எழுதுங்கள். எட்டுப் பேர் 40 எடுத்தாலும் ஆறு பேர் 30 எடுத்தாலும் பலகையில் 5 தான்.

முதல் வாரத்திலிருந்தே மொத்தம் எழுதுவது

நாலு வாரத்துக்கு ஒருமுறை பலகையைத் துடைத்துப் புது ஆட்டம் தொடங்குங்கள். பருவத்துக்கு மூன்று ஆட்டம். குழுக்கள் அப்படியே இருக்கட்டும்.