பிரீமியத்தில் வெளியிட்ட முறியை முதிர்வுக்கு முன் மீட்டால் இலாபமா நட்டமா? படிப்படியாக ஒரு கணக்கு

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைகள் முறிக் கணக்கில் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வெளியீட்டுப் பதிவைச் சரியாகப் போடுவார்கள், அரையாண்டு வட்டியையும் போடுவார்கள். ஆனால் இடையில் ஒரு திகதியில் நிறுவனம் முறியை மீட்டுவிட்டது என்று கேள்வி வந்ததும் பேனை நின்றுவிடும். அந்த இடத்துக்காகத்தான் இந்தப் பதிவு. ஒரே ஒரு கணக்கை எடுத்து மெதுவாகச் செய்வோம்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலை நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலைக் காணியை ஈடு வைத்து, 2021 ஜனவரி 1 அன்று 1 கோடி ரூபா முகப்பெறுமதியுள்ள முறிகளை வெளியிடுகிறது. உயர்தரத்தில் தொகுதிக்கடன் என்று படித்தீர்களே, கணக்கு அதே மாதிரித்தான். ஆண்டு வட்டி 12 சதவீதம், ஜூன் 30 இலும் டிசம்பர் 31 இலும் பாதி பாதியாகக் கொடுக்க வேண்டும். 5 ஆண்டில் முதிர்வு. வெளியீட்டு விலை 104. அதாவது முகப்பெறுமதியின் ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் 104 ரூபா கிடைக்கிறது.

படி 1: கிடைத்த மேலதிகப் பணம் வருமானம் அல்ல

கைக்கு வந்தது 104 இலட்சம். கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டியது 100 இலட்சம். "சேர், அப்ப 4 இலட்சம் இலாபம்தானே?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது கேட்பார். இல்லை. இதே தரத்திலான கடனுக்குச் சந்தையில் 11 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வட்டிதான் ஓடுகிறது. இந்த ஆலையோ 12 தருகிறது. முதலீட்டாளர் அந்தக் கூடுதல் வட்டிக்கான விலையை முன்கூட்டியே கட்டுகிறார், அவ்வளவுதான். ஆலை அதை 5 ஆண்டும் வட்டியோடு வட்டியாகத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே பிரீமியம் எனப்படும் அந்த 4 இலட்சமும் பொறுப்புப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

2021 ஜனவரி 1
காசு — வரவு 10,400,000
முறிக்கடன் — செலவு 10,000,000
முறிப் பிரீமியம் — செலவு 400,000

படி 2: அரையாண்டு வட்டியும் பதிவழிப்பும்

பிரீமியத்தை ஒவ்வொரு காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் பதிவழிப்பு. நேர்கோட்டு முறையில் அதைக் காலங்களால் சமமாகப் பிரிக்கிறோம். 5 ஆண்டு என்றால் 10 அரையாண்டு. 400,000 ஐ 10 ஆல் பிரித்தால் 40,000. பலர் 5 ஆல் பிரித்து 80,000 என்று எழுதிவிட்டு, அதையே அரையாண்டுப் பதிவிலும் போட்டுவிடுவார்கள். வட்டி கொடுக்கும் தடவைகளை எண்ணிவிட்டுப் பிரியுங்கள்.

கொடுக்கும் காசு 600,000. அதில் 40,000 முதலீட்டாளர் முன்கூட்டித் தந்த பணத்தையே திருப்பிக் கொடுப்பது. எனவே உண்மையான வட்டிச் செலவு 560,000.

ஒவ்வொரு ஜூன் 30, டிசம்பர் 31
வட்டிச் செலவு — வரவு 560,000
முறிப் பிரீமியம் — வரவு 40,000
காசு — செலவு 600,000

முகப்பெறுமதியோடு பிரீமியத்தின் மீதியைக் கூட்டினால் வருவதுதான் ஏட்டுப் பெறுமதி. ஒவ்வொரு தடவையும் அது 40,000 இறங்கும். 2022 டிசம்பர் 31 வரைக்கும் நான்கு தடவை முடிந்தபின் பிரீமியத்தில் மீதி 240,000. ஏட்டுப் பெறுமதி 10,240,000.

படி 3: மீட்கும் நாள் வரை கணக்கைக் கொண்டுவருதல்

2023 மார்ச் 31 அன்று ஆலைக் காணியை வாங்க ஒருவர் வருகிறார். ஈடு நீங்கினால்தான் காணியை விற்கலாம். முறி ஒப்பந்தத்தில் 103 என்ற விலைக்கு முன்கூட்டியே மீட்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறது.

இங்கே அவசரப்படக் கூடாது. கடைசிப் பதிவு டிசம்பர் 31 இல் போட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதம் ஓடிவிட்டது. அந்த மூன்று மாத வட்டி முதலீட்டாளருக்குச் சேர்ந்துவிட்டது, மூன்று மாதப் பிரீமியமும் கழிந்துவிட்டது. இரண்டையும் முதலில் பதிய வேண்டும். அரையாண்டின் சரிபாதி என்பதால் வட்டி 300,000, பதிவழிப்பு 20,000.

2023 மார்ச் 31
வட்டிச் செலவு — வரவு 280,000
முறிப் பிரீமியம் — வரவு 20,000
அட்டுறு வட்டி — செலவு 300,000

இப்போது பிரீமியத்தில் மீதி 220,000. ஏட்டுப் பெறுமதி 10,220,000. இலாபமோ நட்டமோ, இந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். முகப்பெறுமதியோடும் அல்ல, ஆரம்பத்தில் கிடைத்த 104 இலட்சத்தோடும் அல்ல.

படி 4: மீட்புப் பதிவு

103 விலைக்கு 10,300,000 கொடுக்க வேண்டும். ஏட்டில் இருக்கும் பொறுப்பு 10,220,000. பொறுப்பைவிட 80,000 கூடுதலாகக் கொடுக்கிறோம், ஆகவே நட்டம்.

முறிக்கடன் — வரவு 10,000,000
முறிப் பிரீமியம் — வரவு 220,000
முறி மீட்பு நட்டம் — வரவு 80,000
காசு — செலவு 10,300,000

அதோடு அட்டுறு வட்டியையும் தீர்க்க வேண்டும்: அட்டுறு வட்டி வரவு 300,000, காசு செலவு 300,000. அன்று வங்கியில் இருந்து போகும் மொத்தக் காசு 10,600,000. இந்த மொத்தத்தை ஏட்டுப் பெறுமதியோடு ஒப்பிட்டு 380,000 நட்டம் என்று எழுதுவது நான் விடைத்தாள்களில் அதிகம் காணும் பிழை. வட்டி ஏற்கெனவே செலவாகிவிட்டது, அது மீட்பு விலையில் சேராது.

நட்டம் வருமானக் கூற்றுக்குப் போகும். பழைய அமெரிக்கப் பாடநூல்கள் இதை அசாதாரண விடயம் என்று தனியாகக் காட்டச் சொல்லும். 2002 இல் அங்கேயே அந்த விதி நீக்கப்பட்டுவிட்டது. நூலகத்தில் அப்படி ஒரு புத்தகம் கிடைத்தால் அந்தப் பகுதியை மட்டும் தாண்டிவிடுங்கள்.

சரிபார்ப்பது எப்படி

முறியின் முழு ஆயுளையும் காசாகப் பாருங்கள். வெளியே போனது: நான்கு அரையாண்டு வட்டி 2,400,000, கடைசி வட்டி 300,000, மீட்பு 10,300,000. கூட்டினால் 13,000,000. உள்ளே வந்தது 10,400,000. வித்தியாசம் 2,600,000. இந்தக் கடனுக்காக ஆலை பட்ட மொத்தச் செலவு அதுதான். இனி ஏட்டைப் பாருங்கள். வட்டிச் செலவு 2,240,000 உம் 280,000 உம், அதோடு நட்டம் 80,000. கூட்டுத்தொகை 2,600,000. சரி.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு ஓட்டை உண்டு. மூன்று மாதப் பதிவழிப்பை விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். வட்டிச் செலவு 300,000 ஆகும், நட்டம் 60,000 ஆகும், மொத்தம் அதே 2,600,000 தான் வரும். பிரீமியக் கணக்கின் மீதியும் பூச்சியமாகிவிடும், பேரேட்டில் ஒன்றும் காட்டிக்கொடுக்காது. எனவே மீட்புப் பதிவில் உள்ள பிரீமியத் தொகையை மட்டும் தனியாகச் சோதியுங்கள். மீட்கும் நாளில் முதிர்வுக்கு மீதி 33 மாதம், மொத்தம் 60 மாதம். 400,000 ஐ 33 ஆல் பெருக்கி 60 ஆல் பிரித்தால் 220,000 வர வேண்டும்.

இதே முறியில் இலாபம் வருவது எப்போது

சந்தை வட்டி ஏறினால் பழைய முறியின் விலை விழும். 2022 இல் நம் நாட்டில் அதைக் கண்ணால் பார்த்தோம். ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே அறிவிப்பில் கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 12 சதவீதம் தரும் முறி அப்படியான காலத்தில் யாருக்கும் கவர்ச்சியாக இராது. காசு அவசரமாகத் தேவைப்படும் முதலீட்டாளர்கள் அதே 2023 மார்ச் 31 அன்று 80 என்ற விலைக்குத் திருப்பி விற்கச் சம்மதித்தார்கள் என்று வைப்போம். படி 3 வரை எதுவும் மாறாது. மீட்புப் பதிவு மட்டும் இப்படி:

முறிக்கடன் — வரவு 10,000,000
முறிப் பிரீமியம் — வரவு 220,000
காசு — செலவு 8,000,000
முறி மீட்பு இலாபம் — செலவு 2,220,000

பார்க்க அழகான எண். ஆனால் அந்த 80 இலட்சத்தை ஆலை எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள். புதிதாகக் கடன் வாங்கி எடுத்திருந்தால் அதற்கு உயர்ந்த வட்டி. 12 சதவீதக் கடனைக் கொடுத்துவிட்டு 25 சதவீதக் கடனை எடுத்த கதைதான். இன்று காட்டும் இலாபம் அடுத்த ஆண்டுகளில் வட்டியாக வெளியே போய்விடும். மறுபக்கம், வட்டி விழுந்த காலத்தில் நட்டத்தோடு மீட்டு, குறைந்த வட்டிக்குப் புதுக் கடன் எடுப்பது நல்ல முடிவாகவே இருக்கலாம். அதனால் இந்த வரியைப் பார்த்து முகாமையாளரைப் பாராட்டவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம்.

நேர்கோட்டு முறையை எங்கே பயன்படுத்தலாம்

கேள்வி அப்படிக் கேட்டால் தயங்காமல் பயன்படுத்துங்கள். நடைமுறையில் 2018 முதல் இலங்கையில் உள்ள எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற கணக்கீட்டு நியமம், ஏட்டுப் பெறுமதியை ஒரே வீதத்தால் பெருக்கி வட்டிச் செலவைக் காணும் பயனுறு வட்டி முறையைத்தான் கேட்கிறது. அமெரிக்க விதிகள், விடை பெரிதாக வேறுபடாவிட்டால் நேர்கோட்டை அனுமதிக்கின்றன. நம் கணக்கில் பயனுறு வீதம் அரையாண்டுக்கு 5.47 சதவீதம். அந்த முறையில் முதல் அரையாண்டுப் பதிவழிப்பு 40,000 அல்ல, சுமார் 31,000 தான். பிறகு மெல்ல மெல்லக் கூடும். அதனால் மீட்கும் நாளில் ஏட்டுப் பெறுமதி சற்று உயரத்தில் நிற்கும், 103 இல் மீட்டால் நட்டம் 80,000 க்குப் பதிலாக 54,000 ஐ ஒட்டி வரும். காசு ஒரு சதம்கூட மாறவில்லை. வட்டிக்கும் மீட்பு நட்டத்துக்கும் இடையில் பிரியும் விதம்தான் மாறியது.

நீங்களே செய்து பார்க்க

அதே மார்ச் 31 அன்று முழுவதையும் மீட்காமல், 40 இலட்சம் முகப்பெறுமதியுள்ள முறிகளை மட்டும் 101 விலைக்கு மீட்டால்? ஏட்டுப் பெறுமதியில் 40 சதவீதத்தை எடுங்கள்: 4,088,000. கொடுத்தது 4,040,000. முகப்பெறுமதிக்கு மேலே விலை கொடுத்தும் 48,000 இலாபம். 100 க்கு மேல் கொடுத்தால் நட்டம்தான் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே விழுவார்கள். எஞ்சிய முறிக்கான பிரீமியம் 132,000. மீதியுள்ள ஐந்தரை அரையாண்டுகளுக்கு அரையாண்டுக்கு 24,000. ஜூன் 30 இல் மூன்று மாதத்துக்கு 12,000 மட்டும் போடுங்கள்.