ஆங்கிலச் சொல் அல்ல, வினை முடிவு

களுவாஞ்சிக்குடியில் ஒரு முன்பள்ளிக்குப் பெற்றோர் அறிவித்தல் எழுதிக் கொடுத்தேன். பேச்சில் இருந்த ஒரே வரியை எழுத்துத் தமிழாக்க மூன்று நாள் போயிற்று.

"பேர்த் சேர்ட்டிபிக்கேட் போட்டோ கொப்பி சப்மிட் பண்ணாட்டி ரெஜிஸ்டர் பண்ண ஏலாது."

முதலில் ஆங்கிலச் சொற்களை மட்டும் மாற்றினேன்: "பிறப்புச் சான்றிதழின் நிழற்படப் பிரதியைச் சமர்ப்பிக்காட்டி பதிவு செய்ய ஏலாது." பாதி கடிதம், பாதி வீட்டுப் பேச்சு. சரி என்று இன்னும் உயர்த்தி "சமர்ப்பிக்காவிடின் பதிவு செய்யப்படமாட்டாது" என்றேன். அடுத்த வரியில் "நாளைக்கு வாங்க" என்று இருந்ததால் அதுவும் பொருந்தவில்லை.

அப்புறம் பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு வினை முடிவுகளை மட்டும் கோடிட்டேன். பண்ணாட்டி, ஏலாது, வாங்க. வரியின் தரத்தைக் காட்டுவது இவைதான். "பண்ணு" ஆங்கிலச் சொல்லோடு ஒட்டி வருவதால் அது பேச்சு வினை என்பதே கண்ணில் படுவதில்லை.

"பிறப்புச் சான்றிதழின் போட்டோ கொப்பியைத் தராவிட்டால் பதிவு செய்ய முடியாது. நாளை வாருங்கள்."

"போட்டோ கொப்பி" அப்படியே நிற்கிறது, உறுத்தவில்லை. ஆனால் "கொப்பியை" என்பதில் உள்ள "ஐ" உருபு வேண்டும். பேச்சில் விழுந்துவிடும் அந்த உருபைச் சேர்த்த பிறகுதான் வரி எழுத்துத் தமிழாக நின்றது. நிம்மதியாக அச்சுக்குக் கொடுத்தேன்.

குரல் செய்திக்கு இதே அறிவித்தலை வாசித்தபோது மட்டும் "தராட்டி", "ஏலாது", "வாங்க" என்று மூன்றையும் சேர்த்தே இறக்கினேன்.