ஒரு ரோல் என்றால் எத்தனை மீட்டர்? ஐட்டம் மாஸ்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், கணினியில் ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் பதியும் ஐட்டம் மாஸ்டரில் ஒயர் ஒன்றைப் பதிந்துகொண்டிருந்தான். கொள்முதல் அலகு ரோல், இருப்பு அலகு மீட்டர். இடையில் மாற்று விகிதம் கேட்கும் கட்டத்தில், யோசிக்காமல் `100` என்று தட்டினான். "எங்கே பார்த்தாய்?" என்று கேட்டேன். "ரோல்னா நூறுதானே சார்" என்றான். பல வருஷங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன், அதே நம்பிக்கையோடு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுத்துப்பிழை, விட்டுப்போன எச்எஸ்என் குறியீடு போன்றவற்றைத் தொடப்போவதில்லை. அவை யார் கண்ணிலாவது பட்டுவிடும். கண்ணில் படாமல் ஓடுவதுதான் தொல்லை.

## மாற்று விகிதத்தை ஊகித்துப் போடுவது

அப்போது நான் மோட்டார் கன்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு பட்டறையில் இருந்தேன். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் ஒயர்தான் பேனலுக்குள்ளும் போகும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண ரோல், அதாவது காயில், 90 மீட்டர். லேபிளில் அச்சடித்தே இருக்கும். நான் லேபிளைப் பார்க்கவில்லை. 100 என்று போட்டேன்.

என்ன ஆனது என்று கணக்கோடு சொல்கிறேன். 12 ரோல் வந்தது. கணினி 1,200 மீட்டர் வரவு வைத்தது. ரேக்கில் இருந்தது 1,080. ஒரு பேனலுக்கு 36 மீட்டர் ஒயர். முப்பது பேனல் முடிந்ததும் ரேக் காலி, ஆனால் கணினியில் இன்னும் 120 மீட்டர் இருப்பு. மறு ஆர்டர் அளவை 100 மீட்டர் என்று வைத்திருந்தோம். 120 இருக்கிறதே, கணினி எதற்கு ஆர்டர் போடச் சொல்லும்? முப்பத்தோராவது பேனலில் வேலை நின்றது. அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் சில்லறை விலைக்கு வாங்கி ஓட்டினோம்.

விலையும் கெட்டது. ரோல் 2,700 ரூபாய் என்றால் கணினிக்கு மீட்டர் 27, உண்மையில் 30. ஒரு பேனலின் அடக்க விலையில் 108 ரூபாய் குறைந்து காட்டியது. அந்தக் குறைந்த அடக்கத்தை வைத்துத்தான் கொட்டேஷன் கொடுத்துக்கொண்டிருந்தோம். மாதக் கடைசியில் இருப்பு எண்ணி, இல்லாத 120 மீட்டரை 'இருப்பு நஷ்டம்' என்று தள்ளுபடி செய்வார்கள். 120 பெருக்கல் 27, அதாவது 3,240 ரூபாய். முப்பது பேனலின் அடக்கத்தில் சேர்ந்திருக்க வேண்டிய அதே தொகை, பெயர் மாறி வேறொரு கணக்கில் உட்கார்ந்துகொண்டது. அதனால் காஸ்டிங் பார்ப்பவருக்குத் தெரியவே இல்லை.

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது பணத்துக்காக இல்லை. மாதாமாதம் ஒயர் குறைந்தால் முதலில் யார் மேல் சந்தேகம் வரும்? ஸ்டோர்ஸ் அண்ணன் மேல்தான். செம்பு ஒயர், எடைக்குப் போட்டால் காசு. கேட்டில் அவர் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். நானும் அதைப் பார்த்துக்கொண்டு போனவன்தான். நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் சரக்கு இறக்கும்போது, வரவைப் பதியும் ஜிஆர்என் தாளைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்: "ரோல்ல தொண்ணூறுன்னுதானே தம்பி போட்டிருக்கு, நீங்க ஏன் நூறுன்னு எழுதுறீங்க?" அதுவரை அவரிடம் யாரும் அந்தத் தாளைக் காட்டியதில்லை.

அப்புறம்தான் பழைய எண்ணிக்கைத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். 24 ரோல் வந்த மாதம் 236 மீட்டர் குறைவு. 12 ரோல் வந்த மாதம் 124. 18 வந்த மாதம் 183. எந்தத் திருடனும் இவ்வளவு ஒழுங்காக, வரவில் பத்து சதவீதம் மட்டும் எடுக்கமாட்டான். குறைவு வரவோடு சேர்ந்தே ஏறி இறங்கினால், ஆளைப் பார்க்காதீர்கள், மாற்று விகிதத்தைப் பாருங்கள். வரவே இல்லாத மாதத்திலும் குறைந்தால் அது வேறு கதை: வெட்டுத் துண்டு, பதியாத வழங்கல், அல்லது நிஜமாகவே திருட்டு.

திருத்துவதிலும் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். மாஸ்டரில் 100-ஐ 90 ஆக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அடுத்த லோடும் 100 கணக்கிலேயே ஏறியது. பல ஈஆர்பி மென்பொருள்களில், பர்ச்சேஸ் ஆர்டர் போடும்போதே மாற்று விகிதம் அந்த ஆர்டர் வரிக்குள் நகலாகிவிடும். மாஸ்டரை மாற்றினால் புதிய ஆர்டர்தான் மாறும்; திறந்து கிடக்கும் பழையது மாறாது. ஆகவே முதலில் திறந்திருக்கும் ஆர்டர்களின் மீதி அளவை மூடுங்கள். ரேக்கில் இருப்பதை மீட்டரில் எண்ணி, வித்தியாசத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு விகிதத்தை மாற்றி, மீதிக்குப் புது ஆர்டர் போடுங்கள். பழைய வரவுகள் தானாகத் திருந்தாது. அந்தக் காலத்து அடக்க விலைகளையும் ஒருமுறை தூசு தட்டியாக வேண்டும்.

90 என்று போட்டதோடும் முடியவில்லை. அதே ஒயர் 180, 200 மீட்டர் பெரிய காயிலாகவும் சந்தையில் உண்டு. சப்ளையர் ஒருநாள் அதை அனுப்பினால் 'ரோல்' என்ற ஒரே சொல் மறுபடி பொய் சொல்லும். நான் இப்போது `ROLL-90`, `ROLL-180` என்று அலகுகளையே பிரித்து வைக்கிறேன். முடிந்தால் ஆர்டரையே மீட்டரில் போட்டுவிடுவேன். சப்ளையர் பில்லில் அளவுக்குப் பக்கத்தில் `ROL` என்று இருக்கிறதா `MTR` என்று இருக்கிறதா என்பதை, புது ஐட்டம் பதியும்போது கையில் பில்லோடு பார்த்துவிட வேண்டும்.

## ஒரே போல்ட்டுக்கு மூன்று ஐட்டம் கோடு

```
BOLT M8X50
HEX BOLT 8*50 MM
M8 x 50 Hex Blt
```

மூன்றும் ஒரே பெட்டி. முதல் கோடில் 400 போல்ட் கிடக்க, பொருள் பட்டியலில் மூன்றாவது கோடு இருந்ததால் கணினி புதிதாக வாங்கச் சொல்லும். தேடிப் பார்க்காமல் பதிவதால் வருவது இல்லை இது. தேடியும் கிடைக்காததால் வருவது. `M8X50` என்று தேடினால் `8*50` வராது. பெயரை ஒரே வரிசையில் எழுதுங்கள்: முதலில் பொருள், பிறகு வகை, அளவு, தரம். சப்ளையரின் பார்ட் நம்பரைத் தனிக் கட்டத்தில் வைத்து அதிலும் தேடுங்கள்.

கண்டுபிடித்ததும் பழைய கோடை அழிக்கத் துடிக்காதீர்கள். இருப்பை மாற்றி, பொருள் பட்டியல்களில் புதுக் கோடைப் போட்டு, பழையதைப் பூட்டி வையுங்கள். இன்னொன்று: ஒரேபோலத் தெரிவதெல்லாம் நகல் இல்லை. முழு மரை ஓடிய `DIN 933`, பாதி மரை ஓடிய `DIN 931` இரண்டுமே `M8X50` என்ற பெயரில் கிடக்கலாம். பெட்டியைத் திறந்து பார்க்காமல் இணைத்தால் அசெம்பிளியில் நட்டு பாதியில் நிற்கும்.

## அங்குலத்தை சென்டிமீட்டர் என்று பதிவது

அட்டைப்பெட்டிக்காரர் அளவை அங்குலத்தில் சொல்வார்: 24, 16, 16. அதை அப்படியே சென்டிமீட்டர் கட்டத்தில் தட்டினால், கூரியர்காரர்கள் வழக்கமாகப் போடும் கணக்கில் (நீளம், அகலம், உயரம் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது) பெட்டியின் பரும எடை சுமார் 1.2 கிலோ. நிஜத்தில் 20 கிலோ. பெட்டிக்குள் ஏழு கிலோ சரக்குதான் என்றாலும் கூரியர் பில் 20 கிலோவுக்கு வரும், வாடிக்கையாளரிடம் நாம் வாங்கியிருப்பது அதைவிடக் குறைவாக இருக்கும். டேப்பைக் கையில் எடுத்து, மூடி ஒட்டிய பெட்டியை அளந்து போடுங்கள்.

## கட்டாயக் கட்டத்தில் `1 x 1 x 1`

பெட்டி அளவைக் காலியாக விட்டால் யாராவது கேட்பார்கள், 1 போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.