வங்கி வட்டியில் பிடித்த டிடிஎஸ்ஸைத் திரும்ப வாங்குவது எப்படி?

வருமானமே இல்லாத இல்லத்தரசியின் டெபாசிட் வட்டியிலும், கல்லூரி படிக்கும் பிள்ளையின் டெபாசிட் வட்டியிலும் வங்கி வரி பிடிக்கும். அவர்களுக்கு வேறு வருமானம் உண்டா இல்லையா என்பது வங்கிக்குத் தெரியாது. ஓர் ஆண்டு வட்டி ஐம்பதாயிரத்தைத் தாண்டும் என்று கணினி கணக்குப் போட்டுவிட்டால் 10 சதவீதம் பிடித்துவிடும். 2025-26 நிதியாண்டுக்கு, அறுபது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான வரம்பு இது. பான் எண் கொடுக்காத கணக்கென்றால் 20 சதவீதம்.

தக்கலையில் இருக்கும் என் சித்தியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அம்மா வீட்டுப் பங்கு நிலத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் விற்ற பணம் 8 லட்சம், 7 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் கிடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி 14,000 வர வேண்டும். பாஸ்புக்கில் 12,600தான் ஏறியிருந்தது. "மக்களே, பிடிச்ச பைசாவ பேங்குல கேட்டா தருவாங்களா?" என்று கேட்டார். தர மாட்டார்கள். பிடித்த பணத்தை வங்கி அப்போதே அரசுக்குக் கட்டிவிடும். அதன் பிறகு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, துறையிடம் கேட்டு வாங்குவதுதான் வழி.

முதலில், பணம் யாருடையது?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. கணவர் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் போட்டிருந்தால், சட்டப்படி அந்த வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும். அப்போது மனைவி பெயரில் சும்மா கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்ட் கேட்பது சரியில்லை. ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். பதினெட்டு வயது நிறையாத மாணவரின் டெபாசிட் வட்டியும் அப்படித்தான், பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில் சேரும். பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு, சீதனமாகவோ பெற்றோர் கொடுத்ததாகவோ வந்த பணம், சொந்த உழைப்பில் சேர்த்த பணம் என்றால் பிரச்சினை இல்லை. கீழே சொல்வதெல்லாம் அவர்களுக்குத்தான்.

ஜூன் பாதி வரை பொறுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரியின் விவரத்தை வங்கி மே 31க்குள்தான் துறைக்குக் கொடுக்க வேண்டும். ஏப்ரலிலேயே அவசரப்பட்டுத் தாக்கல் செய்தால் கடைசி மூன்று மாதத்து வரி விட்டுப்போகும். ஜூன் நடுவில் incometax.gov.in தளத்தில் பான் எண்ணை வைத்துப் பதிவு செய்து உள்ளே போங்கள். பான் ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரீஃபண்ட் வராது.

`e-File` > `Income Tax Returns` > `View Form 26AS` என்று போனால் இன்னொரு தளம் திறக்கும். அங்கே வங்கியின் பெயருக்கு நேராகக் கொடுத்த வட்டியும் பிடித்த வரியும் இருக்கும். சித்திக்கு நான்கு பதிவுகள் இருந்தன: ஒவ்வொன்றிலும் வட்டி 14,000, வரி 1,400. ஆக மொத்தம் 56,000, பிடித்தது 5,600. பக்கத்தில் `F` என்ற எழுத்து இருந்தால் பணம் அரசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பாஸ்புக்கில் பிடித்தம் இருந்து இங்கே இல்லையென்றால் பெரும்பாலும் பான் எண் தப்பாகப் பதிவாகியிருக்கும். வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்துத் திருத்த வையுங்கள். அது இங்கே வரும்வரை தாக்கல் செய்தும் பயனில்லை.

வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது

`My Profile` பகுதியில் `My Bank Account` என்று இருக்கும். ரீஃபண்ட் வர வேண்டிய கணக்கைச் சேர்த்து, `Validate` கொடுத்து, ரீஃபண்டுக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். நிறையப் பேர் சிக்குவது இங்கேதான். பாஸ்புக்கில் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல் இருக்கும், பான் கார்டில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்து பின்னால் நிற்கும். பெயர் பொருந்தவில்லை என்று தளம் தள்ளிவிடும். பான் கார்டு நகலை வங்கியில் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்வதுதான் சுருக்கமான வழி.

தாக்கல்

`e-File` > `Income Tax Returns` > `File Income Tax Return`. 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு `2026-27`, முறை `Online`, படிவம் `ITR-1`. தென்னையிலிருந்தோ வயலிலிருந்தோ உங்கள் பெயரில் ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கு மேல் விவசாய வருமானம் இருந்தால் இந்தப் படிவம் ஆகாது, `ITR-2` எடுக்க வேண்டும். எதற்காகத் தாக்கல் செய்கிறீர்கள் என்று கேட்கும், `Others` என்று கொடுங்கள். புதிய வரிமுறை தானாகவே இருக்கும், அப்படியே விடலாம். அதில் 4 லட்சம் வரை வரி இல்லை.

வருமானப் பகுதியில் கவனம் வேண்டும். டெபாசிட் வட்டி என்ற இடத்தில் கைக்கு வந்த 50,400ஐப் போடக்கூடாது. வரி பிடிப்பதற்கு முந்தைய 56,000தான் வர வேண்டும். குறைத்துப் போட்டால் துறையிடம் இருக்கும் கணக்கோடு ஒத்துப்போகாது. சில நேரம் தளம் தானாக நிரப்பும்போது ஒரே வட்டியை இரண்டு முறை காட்டும். 1,12,000 என்று வந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். சேமிப்புக் கணக்கு வட்டியைத் தனி இடத்தில் போடுங்கள். அதற்கு வரி பிடிப்பதில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். சித்திக்கு அது 1,840. மொத்த வருமானம் 57,840, வரி சுழியம்.

அடுத்து `Tax Paid` பகுதியில் 5,600 தானாக வந்திருக்கும். கடைசிப் பக்கத்தில் ரீஃபண்ட் என்ற இடத்திலும் அதே 5,600 இருந்தால் எல்லாம் சரி. அனுப்பிய கையோடு ஆதார் ஓடிபி போட்டு உறுதி செய்துவிடுங்கள். இதற்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. ஆனால் உறுதி செய்யாத தாக்கலைத் துறை கையிலேயே எடுக்காது. ஆதாரில் உள்ள கைப்பேசி எண் இப்போதும் கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசி நாள் ஜூலை 31. அதற்குள் தாக்கல் செய்தால் ஏப்ரலில் தொடங்கி மாதத்துக்கு அரை சதவீதம் வட்டியும் சேர்த்துத் தருவார்கள். ஆகஸ்டில் பணம் வந்தால் சித்திக்கு ஐந்து மாதத்துக்கு 140 ரூபாய். அதையும் அடுத்த ஆண்டு வருமானத்தில் காட்ட வேண்டும். ஜூலை தாண்டினாலும் டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருப்பதால் தாக்கல் கட்டாயமில்லாதவர்களுக்குத் தாமதக் கட்டணம் கிடையாது. ஆனால் வட்டி, தாக்கல் செய்த நாளிலிருந்துதான்.

இதற்கெல்லாம் அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசுகிறவர்களிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அதிக ரீஃபண்ட் காட்டுவதற்காக அவர்கள் போடும் பொய்க் கழிவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

முந்தைய ஆண்டுகளில் பிடித்தது விட்டுப்போயிருந்தால் 'அப்டேட்டட் ரிட்டர்ன்' போட்டு ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் விண்ணப்பத்தை அதே தளத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள். தாமதத்துக்கு நியாயமான காரணம் சொல்லி, 26AS விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.